கோடை முடிவில் தேங்கிய ஃபேனும் ஏர்கூலரும்: நோட்டீஸ் வாசகம் பற்றிச் சேலம் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் மின்சாதனக் கடைகளுக்கு நோட்டீஸ், பிளக்ஸ், வாட்ஸ்அப் வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மே மாதம் பத்து தேதி தாண்டினால் ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். குடோனில் கூலர் நிற்கிறது, ஃபேன் பெட்டிகள் மாடிப்படி வரை அடுக்கியிருக்கின்றன, "ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகளில் வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்கு. உங்கள் கொள்முதல் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"30 சதவீதம் தள்ளுபடி என்று பிளக்ஸ் நிறையப் போட்டேன். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்களே, ஏன்?"

ஏனென்றால் அந்த பிளக்ஸ் அவர்களிடம் சொன்னது உங்கள் கதையை. சரக்கு தேங்கிவிட்டது, காசு முடங்கியிருக்கிறது, தள்ளிவிடப் பார்க்கிறோம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. புடவை என்றால் இது பரவாயில்லை. கையில் எடுத்துப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும். மோட்டார் உள்ள பொருளில் அப்படி இல்லை. உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாதவர், விலை இறங்கியதற்குக் காரணத்தைத் தானே கற்பனை செய்துகொள்கிறார். "பழைய மாடலாக இருக்கும்", "யாரோ திருப்பிக் கொடுத்ததாக இருக்கும்" என்று வாசலிலேயே பேசிக்கொள்வதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

இன்னொன்று, சதவீதம் ஒப்பீட்டைக் கிளப்பிவிடும். 30 என்று படித்தவுடன் கைபேசியை எடுத்து இணையத்தில் என்ன விலை என்று பார்ப்பார். அங்கே 35 இருந்தால் உங்கள் கதை முடிந்தது. அவர் வீட்டுப் புழுக்கத்தைப் பற்றிப் பேசும் வரிக்கு இணையத்தில் போட்டி விலை கிடையாது.

"சரி, 'குளுகுளு காற்று' என்று போட்டால் அது பயன்தானே?"

அந்தச் சொல் ஐஸ்கிரீம் கடையிலும் இருக்கிறது, துணிக்கடை வாசலிலும் இருக்கிறது. எல்லாருக்கும் பொருந்தும் சொல் யாரையும் நிறுத்தாது.

நான் எழுத உட்காரும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேட்பேன். இதை வாங்கியவர் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறார்? நாளின் எந்த நேரத்தில் இது அவருக்குத் தேவைப்படுகிறது? இது இல்லாதபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் தலைப்பு வரி பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

அம்மாபேட்டைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் முதலில் "எல்லாரும்தான் வாங்குகிறார்கள்" என்றார். பில் புத்தகத்தைப் புரட்டச் சொன்னேன். கூலர் வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் அவருக்கு முகம் தெரிந்தவர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், "இவர்கள் மாடி வீடு... இவர்களும் மாடி வீடுதான்" என்று நிறுத்தினார். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே படுப்பவர்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு பத்து, பதினொரு மணி வரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். அவர்கள் அதுவரை செய்துகொண்டிருந்தது தளத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது. தலைப்பு அங்கேயே இருந்தது: "இன்று இரவும் தளத்தில் தண்ணீர் ஊற்றினீர்களா?"

"ஏ.சி. மாதிரி குளிரும், 15 டிகிரி குறையும் என்று போடலாமா? பக்கத்துக் கடையில் போட்டிருக்கிறார்கள்."

போடாதீர்கள். கூலர் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் எவ்வளவு சொல்லலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கூலருக்குள் குளிரூட்டும் வாயு எதுவும் இல்லை. ஈரமான பேட் வழியாகக் காற்று நுழைகிறது, தண்ணீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆகவே காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிரும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால் அது எந்த அளவுக்கு இறங்குகிறதோ, அதுதான் கூலர் தொடக்கூடிய அடித்தரை. எந்தக் கூலரும் அதற்குக் கீழே போகாது. புதிய தேன்கூடு பேட் உள்ள நல்ல கூலர், அந்த இடைவெளியில் முக்கால் பங்கு வரை இறக்கும்.

சேலத்து மே மாதப் பகலை எடுத்துக்கொள்வோம். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். ஈரத்துணி வெப்பமானி ஏறக்குறைய 24.5 காட்டும். இடைவெளி 13.5 டிகிரி, அதில் முக்கால் பங்கு என்றால் பத்து டிகிரி. கூலர் வாயிலில் 28 டிகிரிக் காற்று வரும். இது நல்ல பலன். இப்போது கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை: 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். ஈரத்துணி 27.5-இல் நின்றுவிடும். கூலர் குறைப்பது மூன்றரை டிகிரிதான். வாயிலில் 28.5 வருகிறதே, பகலில் வந்த 28-க்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். உடம்புக்குத் தெரியும். ஏற்கெனவே ஈரமான காற்றில் மேலும் ஈரம் சேர்ந்து வருகிறது. வேர்வை உலராது, பிசுபிசுக்கும்.

இதனால்தான் மழை பெய்த மறுநாள் "கூலர் சரியில்லை" என்று தொலைபேசி வருகிறது. கூலரில் கோளாறு எதுவும் இருக்காது. நோட்டீஸில் எழுதியதுதான் தப்பு. ஜன்னலை மூடிவிட்டு ஓட்டினாலும் இதே கதைதான். அறையிலேயே ஈரம் சேர்ந்து, ஒரு மணி நேரத்தில் புழுங்கத் தொடங்கிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். மதியம் இரண்டு மணிக்குக் கடையில் ஒரு கூலரைத் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். பேட் முழுதும் நனையக் கால் மணி நேரம் விட்டு, முதலில் கடை வாசல் நிழலில் அளந்து, பிறகு கூலர் வாயில் முன்னால் அளந்து, இரண்டையும் நாள் தேதியோடு ஒரு அட்டையில் எழுதி கூலர் மேலேயே ஒட்டுங்கள். "மே 14, மதியம் 2 மணி. வாசலில் 38, இங்கே 28." இதைவிட நம்பும்படியான தலைப்பை நான் எழுதித் தர முடியாது. நான்கு நாள் கழித்து மழை பெய்து எண் மாறினால் அதையும் எழுதி ஒட்டுங்கள். நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

"அக்னி நட்சத்திரம் முடியப்போகிறது. இனிமேல் யார் கூலர் வாங்குவார்கள்?"

வாசலில் நிற்பவர் மனதில் இருப்பதும் இதேதான்: "இன்னும் பத்து நாள்தானே, சமாளித்துவிடலாம்." இந்த ஒரு எண்ணத்தை உங்கள் தலைப்பு உடைக்காவிட்டால் எத்தனை சதவீதம் குறைத்தும் பயனில்லை.

"அடுத்த வருடத்துக்கும் ஆகும்" என்று எழுதுவது வழக்கம். அது வலுவில்லாத வரி. அடுத்த வருடத்துக்கான பொருளை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாமே! ஆனால் இதற்குள் யாரும் எடுத்துச் சொல்லாத உண்மையான லாபம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான கூலர்களுக்கு வாரண்டி பில் தேதியிலிருந்து ஓராண்டு. பிப்ரவரியில் வாங்கியவருக்கு அடுத்த பிப்ரவரியில் முடிந்துவிடும். அவருக்கு ஒரு கோடைதான் பாதுகாப்பு. மே 20-ஆம் தேதி வாங்குபவருக்கு அடுத்த மே 20 வரை ஓடும். இந்தக் கோடையின் வாலும் அடுத்த கோடையின் பெரும்பகுதியும் சேர்ந்துவிடுகின்றன. மாதக்கணக்கில் சும்மா கிடந்த பம்பு மக்கர் செய்வது, மறுவருடம் முதல் தடவை ஓட்டும்போதுதான். அந்த நேரத்தில் வாரண்டி கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயம். "தாமதமாக வாங்குகிறீர்கள், வாரண்டி இரண்டு கோடைக்கு வரும்" என்று எழுதுங்கள். எழுதும் முன் அந்தந்த மாடலின் வாரண்டி அட்டையைப் படித்துவிடுங்கள். பம்புக்குத் தனிக் காலம் போட்டிருப்பார்கள்.

இதோடு சேர்த்து நான் எல்லாக் கடைகளுக்கும் சொல்வது: ஸ்டாண்டையோ டிபன் கேரியரையோ இலவசமாகக் கொடுப்பதற்குப் பதில், "அடுத்த மாசியில் வீட்டுக்கே வந்து புது பேட் மாட்டித் தருகிறோம்" என்று கொடுங்கள். நம் ஊரில் போர் தண்ணீரை ஊற்றினால் பேடில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். காற்றுப் புகும் வழி அடைபடும், குளிர்ச்சி குறையும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில்கூட ஒரு கோடை முழுக்க ஓடிய பேட் பழையபடி இருக்காது. ஆகவே வாங்குபவருக்கு இது நிஜமான பயன். உங்களுக்கும் செலவு அதே அளவுதான். கூடுதலாக, அடுத்த மாசியில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க ஒரு காரணம் கிடைக்கிறது.

"அப்படியானால் விலையைப் போடவே வேண்டாமா?"

விலையை மறைத்தால் கிளியரன்ஸ் நோட்டீஸே இல்லை. இடம்தான் மாற வேண்டும். முதலில் யாருக்கு, என்ன பயன்; பிறகு அது எப்படி நடக்கிறது; பிறகு விலையும் குறைத்த காரணமும்; கடைசியில் இது எதற்குச் சரிப்படாது என்பது. மேலே சொன்ன அம்மாபேட்டைக் கடைக்கு முன்பு இருந்த வாசகம் இது:

> மெகா கிளியரன்ஸ்! ஏர்கூலர் 30% தள்ளுபடி! முந்துங்கள்! ஸ்டாக் உள்ளவரை மட்டுமே!

நாங்கள் மாற்றி அச்சடித்தது இது:

> இன்று இரவும் தளத்தில் தண்ணீர் ஊற்றினீர்களா?
>
> மாடி அறையில் படுப்பவர்களுக்கு 45 லிட்டர் ஏர்கூலர். ஜன்னல் ஓரம் வைத்துக் கட்டிலைப் பார்த்துத் திருப்பினால், தளம் சுடும் நேரத்திலும் குளிர்ந்த காற்றில் படுக்கலாம்.
>
> மே 14 மதியம் 2 மணிக்கு எங்கள் கடை வாசலில் 38 டிகிரி. கூலர் முன்னால் 28. வந்து நீங்களே அளந்து பாருங்கள்.
>
> விலை ரூ.8,000. இப்போது ரூ.7,200. அடுத்த மாசியில் புது பேட் இலவசம், வீட்டுக்கே வந்து மாட்டித் தருகிறோம்.
>
> ஏன் குறைத்தோம்? ஜூன் மாதம் மிக்ஸி, கிரைண்டர் சரக்கு இறங்குகிறது. குடோனில் 22 கூலர் நிற்கும் இடம் வேண்டும்.
>
> ஜன்னல் இல்லாத அறைக்கு வாங்க வேண்டாம். மழை ஈரம் உள்ள நாளில் குளிர்ச்சி குறையும்.

கடைசி இரண்டு வாக்கியத்துக்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ள அரை நாள் ஆயிற்று. "காசு கொடுத்து நானே வேண்டாம் என்று அச்சடிப்பதா?" என்றார். ஜன்னல் இல்லாத அறைக்கு வாங்கியவர் எப்படியும் பத்து நாளில் கூலரோடு ஆட்டோவில் திரும்பி வருவார். நனைந்து, ஸ்டிக்கர் கிழிந்து, பெட்டி இல்லாமல் வரும் அந்தக் கூலரை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டேன். பிறகு ஒத்துக்கொண்டார்.

"இரவு முழுக்க ஓடும்" என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். ஒரு தடவை நிரப்பிய தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும் என்பது காற்றின் வறட்சியையும் வேகத்தையும் பொறுத்தது. நன்றாகக் குளிரும் நாளில் தொட்டி வேகமாகக் காலியாகும். ஆவியாகும் தண்ணீர்தானே குளிர்ச்சி. அப்படி எழுத ஆசை இருந்தால், உங்கள் வீட்டில் ஓர் இரவு நடு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, காலையில் தொட்டியின் அளவைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

"வெறும் பத்து சதவீதம்தானே குறைத்தீர்கள்? 30 போட்டால் எல்லாமே போய்விடுமே."

போகலாம். கணக்கைப் பார்த்துவிடுவோம். வண்டி வாடகை, வரி எல்லாம் சேர்த்து ஒரு கூலர் உங்களுக்கு 6,200 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் குறைத்தால் விற்கும் விலை 5,600. ஒன்றுக்கு 600 ரூபாய் கைப்பணம் போகிறது. 22-ம் விற்றால் 13,200 ரூபாய் நஷ்டம்.

7,200-க்கு விற்று, பேட் மாற்றும் செலவு 350 ரூபாய் என்றால், ஒன்றுக்கு 650 நிற்கும். 22-ம் போக வேண்டாம், 14 மட்டும் போகட்டும். 9,100 ரூபாய் லாபம். மீதி எட்டில் 49,600 ரூபாய் முடங்குகிறது. ஒன்றரை வட்டிக்கு ஒன்பது மாதம் என்றால் ஏறக்குறைய 6,700 ரூபாய். அதைக் கழித்தாலும் 2,400 கையில் இருக்கிறது, குடோனில் எட்டு கூலரும் இருக்கின்றன.

இந்தக் கணக்கு கவிழும் இடமும் உண்டு. குடோன் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், அல்லது கம்பெனி அந்த மாடலையே நிறுத்தப்போகிறது என்றால், எட்டு கூலரை வைத்திருப்பது சுமை. நசுங்கிய பெட்டி, கடையில் ஓட்டிக் காட்டிய பீஸ், பம்பு கிடைக்காத மாடல் ஆகியவற்றுக்குப் பயன் பற்றி வரி எழுத மெனக்கெட வேண்டாம். "ஓட்டிக் காட்டிய பீஸ், இடது பக்கம் கீறல், ரூ.5,500" என்று அந்தப் பொருளின் மேலேயே எழுதி வையுங்கள். அங்கே விலைதான் தலைப்பு.

"பி.எல்.டி.சி. ஃபேன் 40 நிற்கிறது. 'பாதி கரண்ட் மிச்சம்' என்று போட்டிருக்கிறேன். போதாதா?"

பாதி என்றால் எதில் பாதி? படிப்பவர் மொத்த பில்லில் பாதி என்று எடுத்துக்கொள்வார். இரண்டு மாதம் கழித்து வந்து கேட்பார். யூனிட்டில் சொல்லுங்கள். நம் ஊரில் இ.பி. கார்டைப் பார்க்காத குடும்பத் தலைவி கிடையாது; யூனிட் என்றால் உடனே புரியும்.

பழைய சாதா சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் போல இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம் நிற்கும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் கூடத்து ஃபேன் என்றால், பழையது ஒரு நாளைக்கு 1.1 யூனிட், புதியது அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. மாதத்துக்கு 20 யூனிட் வித்தியாசம். நம் மாநிலத்தில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுப்பதால் கார்டில் 40 யூனிட் குறைந்து தெரியும். "அடுத்த ரீடிங்கில் 40 யூனிட் குறைவு. நாள் முழுக்க ஓடும் கூடத்து ஃபேனை மட்டும் மாற்றுங்கள்" என்று எழுதலாம். வாட் எண்ணை மட்டும் உங்களிடம் உள்ள ஃபேனின் ஸ்டார் லேபிளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஃபேனை மாற்றச் சொல்வதில் அடக்கம் இருக்கிறது, அதனாலேயே நம்புவார்கள். பிடித்துப்போனால் படுக்கையறைக்கும் கேட்டு வருவார்கள்.

ரூபாயில் சொல்லாததற்குக் காரணம், ஒவ்வொரு வீட்டுக்கும் அது வேறு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள்ளேயே ஓட்டிவிடும் சின்னக் குடும்பத்துக்கு இந்த ஃபேனால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கோ கட்டணப் படிநிலையே மாறிவிடும். 520, 530 என்று எல்லையில் தவிக்கும் வீட்டுக்கு அந்த 40 யூனிட் பெரிய வித்தியாசம். கடையில் பேசும்போது "போன தடவை எத்தனை யூனிட் வந்தது?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். 100-க்குள் என்று சொல்பவரிடம் மிச்சம் பற்றிப் பேசாதீர்கள்.

அவருக்குச் சொல்ல வேறு பயன் இருக்கிறது. ரிமோட் உள்ள மாடல் என்றால், "விடியற்காலை குளிரும்போது அப்பா எழுந்து சுவிட்சைத் தேட வேண்டாம்." இந்த வரிக்குப் பெரியவர்கள் உள்ள வீடுகளில் நல்ல மதிப்பு. ஆனால் சிறிய எழுத்தில் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்க வேண்டும். ரெகுலேட்டரோடு மாட்டிவிட்டு "ரிமோட் வேலை செய்யவில்லை", "ஃபேன் விட்டு விட்டு ஓடுகிறது" என்று வருவதுதான் இந்த ஃபேனுக்கு வரும் முதல் புகார்.

"சாதா ஃபேனும் நிற்கிறதே, அதற்கு என்ன பயன் சொல்வது?"

மின்சார மிச்சத்தைத் தொடாதீர்கள், அங்கே தோற்றுவிடுவீர்கள். அளவையும் இடத்தையும் பிடியுங்கள். 1,400 மில்லிமீட்டர் இறக்கை என்றால் "மூலையில் உட்கார்ந்தவருக்கும் காற்று வரும், பெரிய கூடத்துக்கு." பெடஸ்டல் ஃபேன் என்றால் "மொட்டை மாடியில் பாய் விரிப்பவர்களுக்கு, எடுத்துப் போய் வைக்கிற காற்று." மேலே கொண்டுபோக நீளமான ஒயர் வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரியும், வாங்குபவருக்கு மாடிக்குப் போன பிறகுதான் தெரியும். பத்து மீட்டர் ஒயர் பெட்டியைக் கூடவே கொடுத்துப் பாருங்கள்.

"பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகள் நிறைய. அவர்களுக்கும் இதே நோட்டீஸ் போதுமா?"

போதாது. "பலத்த காற்று" என்ற சொல்லைப் பார்த்ததும் பட்டறைக்காரர் நோட்டீஸை மடித்துவிடுவார். பற்றவைக்கும் இடத்தில் நேர்க்காற்று அடித்தால் சுடர் ஆடும், வேலை கெடும். அதனாலேயே பலர் அந்த நேரம் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கான வரி, "சுடர் ஆடாமல், முதுகுக்குக் காற்று." சுவரில் மாட்டும் ஃபேனை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வைத்தால் மேசைக்குக் காற்று போகாது என்று ஆள் அனுப்பிப் பார்த்து மாட்டிக்கொடுங்கள். எத்தனை ஃபேன் போகும் என்பதைவிட, அந்தத் தெருவில் உங்கள் பெயர் நிற்கும்.

"ஏற்காட்டில் மைத்துனர் கடை இருக்கிறது. கோடை விழாக் கூட்டம் வரும்போது அங்கே சில கூலர்களை ஏற்றி விடட்டுமா?"

வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், வெயிலுக்குத் தப்பி வந்தவர்களிடம் கூலர் விற்பதா? வாங்கினாலும் இருபது கொண்டை ஊசி வளைவில் அதை எப்படி இறக்குவார்கள்? மைத்துனர் கடையில் சிறிய டேபிள் ஃபேனும் கையடக்க சார்ஜ் ஃபேனும் போதும். அடிவாரத்தில், மலையிறங்கி வரும் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள்: "மேலே இருந்த காற்று இங்கே நின்றுவிட்டதா?" கூடவே உங்கள் சேலம் கடைக்கு வழி.

"பெட்டியில் எம்.ஆர்.பி. 11,500 என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு 7,200 என்று போட்டால் இன்னும் எடுபடுமே?"

சீசன் முழுக்க நீங்கள் 8,000-க்கு விற்றது தெருவுக்கே தெரியும். பெட்டியில் அச்சிட்டிருப்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்பு. நீங்கள் விற்ற விலை ஆகாது. அதை "முந்தைய விலை" என்று காட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளில், போதிய சரக்கு இல்லாமல் மலிவு விலையைக் காட்டி ஆளை இழுப்பதும் தவறென்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே 22 கூலர் என்று போட்டால் 22 இருக்க வேண்டும். தீர்ந்ததும் பிளக்ஸை இறக்கிவிடுங்கள்.

"எந்த வரி வேலை செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? கூட்டம் வந்தால் வெயிலால்கூட வந்திருக்கலாமே."

சரியான சந்தேகம். 40 டிகிரி அடிக்கிற நாளில் எந்த நோட்டீஸும் வெற்றிதான்.

ஒரே நாளில், ஒரே பகுதியில், இரண்டு வாசகம் விடுங்கள். ஆயிரம் நோட்டீஸ் மஞ்சள் தாளில் பழைய வாசகம், ஆயிரம் பச்சைத் தாளில் புதிய வாசகம். விலையும் சலுகையும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தலைப்பு மட்டும் மாற வேண்டும். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று பிரித்தறிய முடியாது. பேப்பர் போடும் பையனிடம் கொடுக்கும்போது தெருவுக்குத் தெரு மாற்றாமல் ஒன்று விட்டு ஒன்றாகச் செருகச் சொல்லுங்கள். மாடி வீடுகள் நிறைந்த தெரு முழுக்க ஒரே நிறம் போய்விடக் கூடாது. தாளைக் கொண்டுவந்தால் பேட் சலுகை என்று போட்டுவிட்டால் தாள் தானாக வந்து சேரும். கல்லாவில் இரண்டு டப்பா வையுங்கள்.

எத்தனை தாள் வந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். தாளின் பின்புறம், வந்தவர் முதலில் என்ன கேட்டார் என்று பணியாளர் ஒரு வரி எழுதட்டும். "கடைசி விலை என்ன?" என்று தொடங்கியவர்கள் எந்த நிறம், "எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல்தான் இருக்கிறது, பரவாயில்லையா?" என்று தொடங்கியவர்கள் எந்த நிறம் என்று பார்த்தால், அடுத்த நோட்டீஸுக்கான தலைப்பு அங்கேயே கிடைக்கும். அம்மாபேட்டைக் கடையில் ஒரு பச்சைத் தாளின் பின்புறம் பணியாளர் இப்படி எழுதி வைத்திருந்தார்: "தண்ணீர் ஊற்றியே முதுகு வலி வந்துவிட்டது என்றார். விலை கேட்கவில்லை. எப்போது கொண்டுவந்து மாட்டுவீர்கள் என்று கேட்டார்."